100 மீட்டருக்கு 4 நிமிடம்

எட்டாம் வகுப்புப் பையன் 100 மீட்டரை ஓடி முடிக்க 16, 17 நொடி பிடிக்கும். ஆனால் விளையாட்டு விழாவில் அந்த ஓட்டம் தின்னும் நேரம் 4 நிமிடம். பெயர் கூப்பிட வேண்டும், ஆறு பேரையும் அவரவர் கோட்டில் நிறுத்த வேண்டும், ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரும்வரை பொறுக்க வேண்டும். விசிலுக்கு முன்பே பாய்ந்தவனைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். கடைசியில் யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று நடுவர்கள் பேசி முடித்துச் சீட்டில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த ஆறு பேர் கோட்டுக்கு வரலாம்.

விழாத் திட்டம் எழுத உட்காரும் உடற்கல்வி ஆசிரியர் முதலில் காகிதத்தில் எழுத வேண்டியது இந்த 4 நிமிடத்தைத்தான். பல பள்ளிகளில் திட்டம் என்று இருப்பது அழைப்பிதழுக்குப் பின்னால் அச்சாகும் நிகழ்ச்சி நிரல் மட்டுமே: கொடியேற்றம், அணிவகுப்பு, ஜோதி, போட்டிகள், சிறப்பு விருந்தினர் உரை, பரிசளிப்பு. அதில் ‘போட்டிகள்’ என்ற ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது பி.இ.டி. சாரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவருக்கு அன்று காய்ச்சல் வந்தால் விழாவுக்கும் காய்ச்சல்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை 360 பிள்ளைகள் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணிகள். 6, 7 வகுப்புகள் ஒரு பிரிவு, 8 தனிப் பிரிவு, 9, 10 இன்னொரு பிரிவு. ஆண், பெண் என்று பிரித்தால் ஆறு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 30 பேர் 100 மீட்டருக்குப் பெயர் கொடுக்கிறார்கள். மைதானத்தில் ஆறு ஓடுபாதைகள். அப்படியென்றால் பிரிவுக்கு ஐந்து தகுதிச் சுற்று, ஓர் இறுதிச் சுற்று. மொத்தம் 36 ஓட்டம். நான்கால் பெருக்கினால் 144 நிமிடம். 100 மீட்டருக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம்! இன்னும் 200 மீட்டர் இருக்கிறது, தொடர் ஓட்டம் இருக்கிறது, சாக்கு ஓட்டம் இருக்கிறது.

நீளம் தாண்டுதல் இதைவிடக் கள்ளத்தனமாக நேரத்தைக் கவ்வும். ஓட்டத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதால் தாமதம் கண்ணில் படும். மணல் குழி மைதானத்தின் மூலையில் இருக்கும். ஒரு தாண்டலுக்கு, அளந்து எழுதி மணலைச் சமன் செய்து முடிக்க, ஒரு நிமிடம் ஆகும். 12 பேர், ஆளுக்கு மூன்று தாண்டல் என்றால் 36 நிமிடம். ஆறு பிரிவுக்கும் சேர்த்தால் மூன்றரை மணியைத் தாண்டிவிடும்.

இதற்குத் தீர்வு வேகமாக நடத்துவது அல்ல. அவசரப்படுத்தினால் சீட்டு மாறும், பெயர் மாறும், ‘சார், என் பேரைக் கூப்பிடவே இல்லை’ என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கும். தகுதிச் சுற்றுகளை முந்தைய இரண்டு வாரத்து விளையாட்டுப் பாடவேளைகளில் முடித்துவிட வேண்டும். அதில் எல்லாப் பிள்ளைகளும் ஓடலாம், தாண்டலாம். விழா அன்று இறுதிச் சுற்று மட்டும். அப்போது 100 மீட்டர் ஆறு ஓட்டம், 24 நிமிடம். திட்டத்தில் அதை 30 என்று எழுதுங்கள். அந்த 6 நிமிட இடைவெளிதான் மைக் கரகரக்கும்போதும், சுண்ணாம்புக் கோட்டை மறுபடி இழுக்கும்போதும் காப்பாற்றும்.

விழா நாள் இப்படி அமையலாம். காலை 7.30க்கு 100 மீட்டர் இறுதிச் சுற்றுகள். அதே நேரத்தில் மணல் குழியில் மேல் பிரிவு நீளம் தாண்டுதல். 8.00 மணிக்கு உட்கார்ந்து எறியும் போட்டி; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 8.30க்கு 200 மீட்டர். 9.00 மணிக்குத் தண்ணீரும் சுண்டலும். 9.15க்குச் சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம் போன்றவை. 10.15க்கு மைதானம் காலி. வெயில் நேரம் முழுக்கப் பிள்ளைகள் கூரைக்கு அடியில். 3.30க்கு அணிவகுப்பு, கூட்டு உடற்பயிற்சி, பிறகு தொடர் ஓட்டம், கயிறு இழுத்தல். 5.15க்குப் பரிசளிப்பு. சிறப்பு விருந்தினரை மாலைக்கு அழைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அவர் அரை மணி நேரம் தாமதித்தாலும் காலைப் போட்டிகள் நின்றுபோகாது. காலை ஏழு மணிக்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு, ஒன்பதரைக்கு வரும் காருக்காகக் காத்திருக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் எப்போது ஒழியுமோ தெரியவில்லை.

ஒரே பிள்ளை ஓட்டத்திலும் தாண்டுதலிலும் இருந்தால் என்ன செய்வது? ஓட்டத்துக்கே முதலிடம் என்று திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். மணல் குழி நடுவர் அந்தப் பிள்ளையை அந்தச் சுற்றில் முன்கூட்டியே தாண்டவிட்டு அனுப்புவார். எழுதாமல் விட்டால் இரண்டு ஆசிரியர்கள் அன்று மைதானத்தில் நின்று வாதாடுவார்கள்.

இனி மைதானம். 6 பாதைகளோடு 200 மீட்டர் தடம் போட ஏறக்குறைய 95 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் வேண்டும். நேர்ப்பகுதிகள் இரண்டும் 40 மீட்டர், வளைவுகள் இரண்டும் 60 மீட்டர். வளைவை வரைய, நடுவில் முளை அடித்து 18.90 மீட்டர் கயிற்றில் சுற்றினால் உள்கோடு கிடைக்கும். ஓடுகிறவரின் தடம் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு 20 செ.மீ. வெளியே போவதாகக் கணக்கு; அதனால்தான் 19.10 அல்ல, 18.90. ஒரு முழுச் சுற்று ஓடினால், வெளிப்பாதையில் நிற்பவர் தமக்கு உள்ளே இருப்பவரைவிட 7.67 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். இந்த எண் தடம் சின்னதா பெரியதா என்பதைப் பொறுத்ததல்ல. பாதையின் அகலமான 1.22 மீட்டரை மட்டும் பொறுத்தது. ஒரே வளைவு வரும் 100 மீட்டருக்கு அதில் பாதி. கண்மதிப்பில் ‘ரெண்டு எட்டு முன்னால நில்லு’ என்று நிறுத்தினால் ஆறாவது பாதையில் நிற்கும் பிள்ளை தோற்பது உறுதி.

முடிவுக் கோட்டுக்கு அப்பால் குறைந்தது 15 மீட்டர் வெற்றிடம் வேண்டும். முழு வேகத்தில் வரும் பிள்ளையால் கோட்டில் நிற்க முடியாது. சில பள்ளிகளில் கோடு சுற்றுச்சுவருக்கு நாலைந்து மீட்டர் முன்னால் இருக்கும். கையை முன்னால் நீட்டிக்கொண்டு சுவரில் மோதி மணிக்கட்டை உடைத்துக்கொள்வது அங்கேதான். இடம் போதாவிட்டால் கோட்டை மாற்றுங்கள், அல்லது 80 மீட்டர் ஓட்டமாக்குங்கள். யாருக்கும் நட்டமில்லை. குறுக்கே பிடிப்பது கம்பளி நூலாக இருக்கட்டும், நைலான் கயிறு கழுத்தை அறுக்கும்.

எறிதல் போட்டிகளைப் பற்றி ஒரு நிகழ்வைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. தன்னார்வலராக இருந்த பள்ளி மாணவர் ஒருவர், எறியப்பட்ட ஈட்டியை எடுக்க மைதானத்துக்குள் போனார். அருகிலேயே நடந்துகொண்டிருந்த சங்கிலிக் குண்டு எறிதலின் குண்டு அவர் தலையில் விழுந்தது. அந்த மாதமே அவர் இறந்துபோனார். மாநில அளவிலான போட்டியிலேயே இப்படி நடக்கிறது என்றால், இரண்டு எறிதல்களை ஒரே நேரத்தில் அருகருகே நடத்துவதும், எறிந்ததை எடுத்துவரப் பிள்ளைகளை அனுப்புவதும் எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

உயர்நிலைப் பள்ளி விழாவில் ஈட்டியும் சங்கிலிக் குண்டும் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. குண்டு எறிதல் போதும். அதன் விழுதளத்தை ஓடுபாதைக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். வட்டத்தின் நடுவிலிருந்து 20 மீட்டர் தொலைவில் இரண்டு எல்லைக் கோடுகளுக்கும் இடையே 12 மீட்டர் இருக்கும்படி வரைந்தால் முறையான கோணம் வந்துவிடும். சுற்றிலும் கயிறு. உள்ளே போக ஒரே ஓர் ஆசிரியர். அவர் சிவப்புக் கொடியை இறக்கினால்தான் அடுத்த எறிதல். குண்டைத் திருப்பி எறியக் கூடாது, உருட்டவும் கூடாது. தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

அதைவிட அடிக்கடி வரும் ஆபத்து வெயிலும் பசியும். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகளில் பலர், ‘ஓடணும், வயிறு கனக்கும்’ என்று சொல்லிக்கொண்டு வெறும் வயிற்றோடு வருவார்கள். அணிவகுப்பில் மயங்கி விழுவதில் பாதி இதுதான். நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, நினைவு முழுதாகத் திரும்பியதும் தண்ணீர் கொடுத்தால் சில நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். வெப்பத் தாக்கு வேறு. பிள்ளை உளறும், தள்ளாடும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும், உடம்பு கொதிக்கும். வியர்க்கிறதா இல்லையா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓடிய பிள்ளைக்கு வியர்வை வழிந்துகொண்டே வெப்பத் தாக்கு வரும். பேச்சுக் குழறுவதுதான் அடையாளம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே குடம் குடமாகக் குளிர்ந்த தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். அதற்காக ஒரு பெரிய டிரம் தண்ணீர், குடிநீரோடு சேராமல் தனியாக, முதலுதவிப் பந்தலில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் பின்கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் திட்டத்தில் ஒரு வரி. விழா அன்று அந்தக் கேட்டை மறித்துக் கார் நிறுத்துவது வாடிக்கை.

யார் எங்கே என்ற பட்டியலில் ஒரே ஒரு விதியை மட்டும் சொல்கிறேன்: உடற்கல்வி ஆசிரியருக்கு எந்த இடமும் கொடுக்கக் கூடாது. நம் கற்பனைப் பள்ளியில் அவரைத் தவிர 14 ஆசிரியர்கள் என்றால், ஓட்டம் தொடங்கிவைக்க ஒருவர், பெயர் கூப்பிட்டு வரிசைப்படுத்த ஒருவர், முடிவுக் கோட்டில் மூவர், நேரம் பார்க்க இருவர், மதிப்பெண் மேசையில் ஒருவர், மைக்கில் ஒருவர், மணல் குழியில் இருவர், முதலுதவியில் ஒருவர், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் ஒருவர், வாசலில் ஒருவர். பதினான்கும் சரியாகிவிட்டது. பி.இ.டி. சார் கையில் திட்டத்தோடு சுற்றிவர வேண்டும், எங்கே சிக்கல் என்றாலும் அங்கே போய் நிற்க வேண்டும். அவரே விசில் ஊதி, அவரே சீட்டு எழுதினால் மணல் குழியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதலுதவி ஆசிரியரை நடுவில் எழுப்பிப் பரிசுத் தட்டு ஏந்த அனுப்பவும் கூடாது. நேரம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விசில் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தாதீர்கள். 100 மீட்டர் கடந்துவர ஒலிக்கு 0.3 நொடி ஆகும். தொடங்குபவர் கையை இறக்குவதைப் பார்த்து அழுத்துங்கள்.

இப்போது உட்கார்ந்து எறியும் போட்டிக்கு வருகிறேன். நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் முதுகுத்தண்டு பாதிப்பால் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் மூளை முடக்குவாதத்தால் கால்களை இழுத்து நடக்கும் ஒரு பையன் இருக்கிறான். வழக்கமான விழாவில் இவர்கள் எங்கே இருப்பார்கள்? பந்தலில் முதல் வரிசையில், விருந்தினர் பக்கத்தில். கொஞ்சம் அக்கறை கூடினால் ‘சிறப்புப் பரிசு’ ஒன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 16ஆவது பிரிவில், அரசு நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பையும் தர வேண்டும் என்கிறது. பரிசைப் பற்றி அதில் பேச்சில்லை.

முதல் வேலை, கேட்பது. காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அல்ல; தனியாக, ‘நீ எதுல சேரணும்னு நினைக்கிறே?’ என்று. நாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவுக்குச் சின்ன வயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கியது. அவருக்கு உகந்தது எது என்று அவரைக் கேட்காமல் யோசித்திருந்தால், உயரம் தாண்டுதல் யார் நினைவுக்கும் வந்திருக்காது. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிள்ளை ஓட விரும்பாமல் நேரம் பார்க்க விரும்பினால் கடிகாரத்தைக் கொடுங்கள். கேட்காமலே கடிகாரத்தைக் கையில் திணிப்பது வேறு. பெற்றோரிடமும் மருத்துவரிடமும் எது செய்யலாம், எவ்வளவு நேரம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைக்கு, மூச்சு வாங்க முயல்வதே கெடுதலாகலாம். எல்லா இயலாமையும் ஒன்றல்ல.

ஒரு பள்ளியில் ஒன்றிரண்டு பேரே இருக்கும்போது அவர்களுக்கென்று தனிப் போட்டி வைத்தால் ஆளில்லாத போட்டியில் முதல் பரிசு கிடைக்கும். பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும். அதனால் எல்லோரையும் உட்காரவைத்துவிடலாம். அணிக்கு நான்கு பேர், மொத்தம் 16 பேர். எல்லோரும் நாற்காலியிலிருந்து 1 கிலோ மெடிசின் பால் எறிய வேண்டும். ஆளுக்கு இரண்டு எறிதல். 32 எறிதல், அரை நிமிடம் வீதம் 16 நிமிடம். திட்டத்தில் 25 என்று எழுதுங்கள். கால் உந்துதல் இல்லாமல் எறியும்போது நன்றாக ஓடும் பிள்ளைகள் திணறுவார்கள். நாளெல்லாம் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி உரமேறிய தோள் அந்தப் பெண்ணுக்கு உண்டு. அவள் ஜெயித்தால் அது சிறப்புப் பரிசு அல்ல. அணிக்குச் சேரும் புள்ளி.

பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, எறியும்போது சாய்ந்துவிடும். வகுப்பறை மர நாற்காலியைப் பின்னாலிருந்து இருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். சக்கர நாற்காலியின் இரு பிரேக்குகளையும் போட்டு, அதையும் இருவர் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மைதானத்தில் வேறு எதுவும் நடக்கக் கூடாது. ஓட்டங்களுக்கு நடுவே இடைவெளி நிரப்பும் நிகழ்ச்சியாக அதைப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

காலை 8 மணிக்கு அதை வைக்க இன்னொரு காரணமும் உண்டு. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு, பாதிப்புக்குக் கீழே உள்ள உடம்பு சரியாக வியர்க்காது. உடம்பின் சூடு மற்றவர்களைவிட வேகமாக ஏறும். உணர்ச்சி இல்லாத காலில் வெயிலில் காய்ந்த இரும்புப் பட்டையோ சிமென்ட் தரையோ பட்டுப் புண்ணானாலும் தெரியாது. எனவே நிழல், ஈரத் துண்டு, போட்டி முடிந்ததும் காலைப் பார்ப்பது ஆகியவை அவள் பெயருக்கு நேரே எழுதப்பட வேண்டும். முந்தின நாள், அவளே தன் நாற்காலியில் கேட்டிலிருந்து பந்தலுக்கும், அங்கிருந்து எறியும் இடத்துக்கும், கழிப்பறைக்கும் போய்ப் பார்க்கட்டும். முன்சக்கரம் மணலில் புதையும் இடங்கள் அப்போது தெரியும். அங்கே பிளைவுட் பலகை போடலாம். சாய்தளம் உள்ள கழிப்பறை பூட்டிக்கிடக்கிறதா என்பதும் அப்போதே தெரியும்.

அந்தப் பையன் ஓடவே விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அணிகளின் 4×50 தொடர் ஓட்டத்தில் அவனைச் சேர்க்கலாம். அவன் பிரிவுப் பிள்ளைகள் 50 மீட்டரைச் சுமார் 9 நொடியில் ஓடுகிறார்கள். பயிற்சியில் அவனை மூன்று முறை ஓடவிட்டுப் பாருங்கள். சிறந்த ஓட்டத்தில் 9 நொடியில் 25 மீட்டர் கடக்கிறான் என்றால், அவன் பங்கு 25 மீட்டர். அவனை முதல் ஆளாக வைத்து, மற்ற அணிகளைவிட 25 மீட்டர் முன்னால் நிறுத்தினால் போதும், வேறு எந்தக் கோடும் மாற வேண்டாம். சராசரியை எடுக்காமல் சிறந்த நேரத்தை எடுப்பது, யாரும் வேண்டுமென்றே மெதுவாக ஓடிக் காட்டிச் சலுகை வாங்காமல் இருக்க. இந்தக் கணக்கை நான்கு அணித் தலைவர்களிடமும் முன்பே காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அன்று அவன் 8 நொடியில் ஓடினால் அந்த ஒரு நொடி அவன் சம்பாதித்தது. அணியின் கணக்கில் அப்படியே போய்ச் சேரும். ஒரு பாதை மட்டும் அவனுக்கு வெளிப்புறமாக ஒதுக்க வேண்டும். தடுமாறி விழுந்தால் பின்னால் வருபவர் மிதிக்காமல் இருக்க. ஒதுக்கும் பாதைக்கு ஏற்ற 7.67 மீட்டர் கணக்கை இதிலும் மறக்கக் கூடாது.

மாலைப் பரிசளிப்பு மேடைக்குப் பெரும்பாலும் நாலு படி இருக்கும். சாய்தளம் போடுவதென்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டடி மேடைக்கு இருபத்துநாலு அடி. வாடகைப் பந்தல்காரர் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். நாற்காலியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது அவளுக்கும் பிடிக்காது, தூக்குகிறவர் இடுப்புக்கும் ஆகாது. விருந்தினரைப் படியிறங்கி வரச் சொல்லிவிட்டு, மேடைக்கு முன்னால் தரையில் 1, 2, 3 என்று சுண்ணாம்பில் மூன்று கட்டம் போட்டு எல்லா வெற்றியாளர்களுக்கும் அங்கேயே பதக்கம் கொடுத்துவிடலாம். திட்டத்தில் இதற்கு ஒரே வரிதான், ஆனால் அதை விருந்தினருக்கு அனுப்பும் கடிதத்திலும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு மேடையில் நாற்காலி போட்டு, மாலை போட்டு உட்காரவைத்த பிறகு, எழுந்து வரச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.